மேலதிகாரிகள் முன் ஐந்து நிமிடம்: திட்டத்தின் பெறுபேற்றைச் சொல்லும் முறை

மாவட்டச் செயலகத்தில் நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் உங்கள் திட்டத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க அதிபர் தலைமை வகிக்கிறார். பிரதேச செயலாளர்களும் திணைக்களத் தலைவர்களும் இருக்கிறார்கள். புதிதாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். நோக்கம், பயனாளிகள் தெரிவு, நடத்திய பயிற்சிகள் என்று வரிசையாகச் சொல்லி, பெறுபேற்றுக்கு வரும்போது மணி அடித்துவிடும். இதைத் தவிர்க்க, பேச்சைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். படுவான்கரையில் ஒரு கிராமம். 300 ஏக்கர் வயல். அதைக் காக்க 4 கிலோமீற்றர் யானை வேலி. மழை தொடங்கியதும் புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொடும். மின்சாரம் அவற்றின் வழியே நிலத்துக்குள் கசிந்து வேலி வலுவிழக்கும். யானைகள் அதை விரைவில் கண்டுகொள்ளும். எனவே நாள்தோறும் வேலியோரம் நடந்து, புல் வெட்டி, மின்னழுத்தம் பார்க்க இருவரை ஒரு பெரும்போகத்துக்கு நியமித்தது திட்டம். (எண்கள் யாவும் பயிற்சிக்காக நான் அமைத்தவை.)

படி 1: கேட்கப்போவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

பேச்சு முடிந்ததும் அவர்கள் என்ன முடிவெடுக்க வேண்டும்? அதுதான் உங்கள் முதல் வேலை. "செப்டெம்பர் முதல் பெப்ரவரி வரை இரண்டு வேலிப் பராமரிப்பாளர்களுக்கான 360,000 ரூபாயை அடுத்த போகத்துக்கும் ஒதுக்கும்படி இந்தக் கூட்டம் பரிந்துரைக்க வேண்டும்." ஒருவருக்கு மாதம் 30,000, இருவருக்கு ஆறு மாதம். தொகை, காலம், செயல் மூன்றும் அதில் இருக்கின்றன. "தொடர்ந்து ஆதரவு தர வேண்டும்" என்று கேட்டால், எல்லோரும் தலையசைப்பார்கள், எதுவும் நடக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் கேட்பதைச் செய்யும் அதிகாரம் அந்த மேசையில் இருப்பவர்களுக்கு இருக்கிறதா? நிதியை ஒதுக்குவது வேறோர் அலுவலகம் என்றால், இவர்களிடம் பரிந்துரையை மட்டும் கேளுங்கள். என் எடுத்துக்காட்டில் "பரிந்துரைக்க வேண்டும்" என்று எழுதியிருப்பது அதனால்தான்.

படி 2: முதல் அரை நிமிடத்தில் பெறுபேறும் கோரிக்கையும்

நம் கூட்டங்களில் விளிப்புகளுக்கே ஒரு நிமிடம் போய்விடுகிறது. தலைவரை அவருடைய பதவியால் விளித்து, "மற்றும் அவையிலுள்ள அனைத்து அதிகாரிகளுக்கும் வணக்கம்" என்று நிறுத்துவது மரியாதைக் குறைவு ஆகாது. அடுத்த வாக்கியத்திலேயே விடயத்துக்கு வாருங்கள்:

"யானை வேலியை நாள்தோறும் பராமரித்ததால், யானைகள் வயலுக்குள் வந்த இரவுகள் 31இலிருந்து 9 ஆகக் குறைந்தன. இதைத் தொடர 360,000 ரூபாய் தேவை. அதற்கான பரிந்துரையைக் கேட்டு வந்திருக்கிறேன்."

இடையில் தலைவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்து அவர் எழுந்து போனாலும், தேவையானதைக் கேட்டுவிட்டார்.

படி 3: ஓர் ஒப்பீட்டை மட்டும் விளக்குங்கள்

இதற்கு ஒன்றரை நிமிடம் எடுங்கள். 31, 9 என்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று சொல்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. முந்திய போகத்தின் கணக்கை விவசாயிகளின் ஞாபகத்திலிருந்தும், இந்தப் போகத்தின் கணக்கைப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தால், அந்த ஒப்பீடு நிற்காது. ஞாபகம் பெரிய இழப்புகளைப் பெருக்கிச் சொல்லும். இரண்டுக்கும் ஒரே மூலம் வேண்டும். "இரண்டு போகத்துக்கும் காவல் வாடியில் எழுதப்பட்ட அதே இரவுப் பதிவேட்டைப் பயன்படுத்தினோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். அப்படி ஒரு மூலம் இல்லையென்றால், ஒப்பீட்டைக் கைவிட்டு இந்தப் போகத்தின் எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

பிறகு செலவை அவர்களுக்குப் பழக்கமான அளவில் சொல்லுங்கள். 360,000 ரூபாயை 300 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 1,200 ரூபாய். வயல் தெரிந்த அதிகாரிக்கு அது கூடுதலா குறைவா என்பது உடனே புரியும்.

எத்தனை விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினீர்கள், எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்பவற்றை முழுவதும் விட்டுவிடுங்கள். உழைத்துச் செய்ததை விட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. அவற்றைக் கைத்தாளின் பின்பக்கத்தில் அச்சிடலாம். திரையில் காட்டுவதானால் ஒரே ஒரு படம்: இரண்டு பட்டைகள், 31, 9.

படி 4: பலவீனத்தை நீங்களே சொல்லுங்கள்

எஞ்சிய 9 இரவுகளில் 7 இரவுகள், யானைகள் ஒரே இடத்தால் வந்தன: வாய்க்கால் வேலியைக் குறுக்கறுக்கும் இடம். அங்கே எவ்வளவு புல் வெட்டினாலும் பயனில்லை. வேலியின் அமைப்பையே மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் திட்டம் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பது தெளிவாகிறது. இது ஒரு போகத்தின் கணக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கால் நிமிடத்துக்குமேல் இதில் நிற்க வேண்டாம்.

படி 5: மொழியையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

நிதானமாகத் தமிழில் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 100 சொற்கள் வரும். ஐந்து நிமிடத்துக்கு 500 சொல் எழுதினால் மூச்சுவிட இடமிருக்காது. 400 சொற்களில் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியில் நேரம் வைத்து, சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசிப்பது எப்போதும் விரைவாகவே முடியும்.

அம்பாறையில் பேசுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் சிங்களம் பேசும் அதிகாரிகள் இருந்து, ஒவ்வொரு பகுதியாக மொழிபெயர்ப்பு நடந்தால், உங்கள் கையில் இருப்பது இரண்டரை நிமிடம்தான். அதற்கு 200 சொற்கள். முதல் அரை நிமிடத்தை அப்படியே வைத்து, மற்றவற்றைச் சுருக்குங்கள். கோரிக்கை வாக்கியத்தை இரு மொழிகளிலும் அச்சிட்ட கைத்தாளை முன்கூட்டியே கொடுங்கள். மொழிபெயர்ப்பவரிடமும் எண்களை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எண்கள்தான் அதிகம் பிசகும்.

கூட்டம் தாமதமாகி "இரண்டு நிமிடத்தில் முடியுங்கள்" என்று சொல்லப்படுவதும் வழக்கம். அப்போது வேகமாகப் பேச வேண்டாம். இரண்டாம் படியைச் சொல்லுங்கள், வாய்க்கால் விடயத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், கோரிக்கையைத் திரும்பச் சொல்லி நிறுத்துங்கள்.

படி 6: கேள்விக்கும் கூட்டக் குறிப்புக்கும் தயாராகுங்கள்

இந்தத் திட்டத்துக்கு நிச்சயம் வரக்கூடிய கேள்வி: "உங்கள் கிராமத்துக்கு வராத யானைகள் அடுத்த கிராமத்துக்குப் போயினவா?" நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு முன்னரே பக்கத்துக் கிராம உத்தியோகத்தர்களிடம் கேட்டு, கிடைத்த பதிலை, அது உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், கையில் வைத்திருங்கள். விவரம் கிடைக்காவிட்டால் "அது எங்கள் பதிவேட்டில் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு எழுத்தில் தருகிறேன்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள்.

தலைவர் இணங்கினால் "நன்றி" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். "இதை எந்த அலுவலகம் மேற்கொண்டு செல்லும், ஐயா?" என்று கேட்டுப் பெயரைப் பெறுங்கள். பிறகு, கூட்டக் குறிப்பு எழுதும் உத்தியோகத்தரிடம் உங்கள் கோரிக்கை வாக்கியத்தையும் அந்த அலுவலகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குறிப்பில் ஏறாத முடிவை அடுத்த மாதம் யாரிடமும் கேட்க முடியாது.