நைட் ஆடிட்: அன்றைய கணக்கை மூடும் முன் அறையை எண்ணுங்கள்

கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றிய இடம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் ரிசப்ஷன், வளவைச் சுற்றி 20 அறைகள். இரவுக் கணக்கு இன்று உங்கள் பொறுப்பு.

ஒவ்வொரு அறையின் பில்லிலும் அன்றைய வாடகையை ஏற்றுவதுதான் போஸ்டிங். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனை உடனே அழுத்திவிடாதீர்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலில் ஹவுஸ்கீப்பிங் சாயங்காலம் எழுதிக்கொடுத்த அறை நிலவரத் தாளை எடுத்து, திரையில் உள்ள பட்டியலோடு ஒவ்வொரு அறையாக ஒப்பிடுங்கள்.

திரை 14 அறையில் ஆள் இருப்பதாகச் சொல்கிறது, தாளில் 13. இடிப்பது 7ஆம் நம்பர். சாவிப் பலகையைப் பாருங்கள்: 7இன் சாவி கொக்கியில் தொங்குகிறது. ஆள் வெளியே சாப்பிடப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டும் போகலாம், அதனால் இதை மட்டும் நம்பக்கூடாது. ரூம் பாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பாருங்கள். பெட்டி இல்லை, படுக்கை மாற்றி விரித்திருக்கிறது.

அடுத்து அந்த அறையின் பில். பாக்கி பூஜ்யம், காலை 11:40க்கு ரசீது போட்டிருக்கிறது. அப்படியென்றால் பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார், செக் அவுட் போட மறந்துவிட்டார்கள். தொழிலில் இதற்கு ‘ஸ்லீப்பர்’ என்று பெயர். பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருந்தால் அது ‘ஸ்கிப்பர்’. அப்போது இரவே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். இங்கே செக் அவுட் போட்டால் போதும். போடாமல் போஸ்டிங் செய்திருந்தால் இல்லாத ஆள் பேரில் 4,000 ரூபாய் வருமானம் ஏறியிருக்கும்.

இப்போது போஸ்டிங். 11 அறை 4,000 வீதம் 44,000, தள்ளுபடி அறை ஒன்று 3,500, இலவச அறை ஒன்று. அறை வருமானம் 47,500. ஜிஎஸ்டி இதில் சேராது, அது தனிக் கணக்கு. 20இல் 13 என்பதால் நிரம்பியது 65 சதவீதம். சராசரி வாடகைக்கு மட்டும் இலவச அறையை விட்டுவிட்டு 12ஆல் வகுங்கள்: 3,958 ரூபாய்.

கல்லாவில் 47,500 இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். இன்று கட்டியவர் நேற்றைய வாடகையைக் கட்டியிருப்பார், நாளை வருபவர் அட்வான்ஸ் கொடுத்திருப்பார். கல்லாவை ரசீதோடுதான் ஒப்பிட வேண்டும். காலையில் வைத்த சில்லறை 5,000, ரொக்க ரசீதுகள் 18,600, ஆக 23,600. எண்ணினால் 23,250. குறைவது 350.

வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், 4,500ஐ 5,400 என்பது போல. 350 வகுபடாது. அதனால் கல்லாவிலிருந்து வெளியே போன பணத்தைத் தேடுங்கள். டிராயரின் அடியில் ஒரு வவுச்சர் கிடைக்கிறது: செட்டிநாடு ஸ்டேஷனிலிருந்து விருந்தினரைக் கூட்டிவந்த ஆட்டோவுக்கு 350. பதிவு செய்யுங்கள், நேராகிவிடும்.

வவுச்சர் கிடைக்காவிட்டால் கைக்காசைப் போட்டு நிரப்பாதீர்கள், தயவுசெய்து. ‘குறைவு 350’ என்று எழுதி, கேஷியரிடம் கையெழுத்து வாங்கி, அதன்பிறகு கம்ப்யூட்டரில் தேதியை அடுத்த நாளுக்கு மாற்றுங்கள்.