வலப்பக்கத்தை மூடிவிட்டுப் பழைய விலை வரைபடத்தைப் படிப்பது எப்படி?

2020 மார்ச் மாத நிஃப்டி பங்குச் சந்தைக் குறியீட்டின் வரைபடத்தை இன்று பார்க்கும் எவருக்கும், மார்ச் 24 அன்று 7,511 புள்ளிகளில் விழுந்த அடிமட்டம் பளிச்சென்று கண்ணில் படும். அதற்கு வலப்பக்கத்தில் நீண்டு செல்லும் ஏற்றம்தான் அந்தப் புள்ளியை அடிமட்டமாக ஆக்குகிறது. மார்ச் 24 மாலையில் அந்த வலப்பக்கம் இருக்கவில்லை. அன்று இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கையில் இருந்தது ஜனவரியில் 12,430 வரை சென்று அங்கிருந்து சரிந்துகொண்டே வந்த ஒரு கோடு மட்டுமே.

முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்கக் கூடியதுதான் என்று மனம் நம்பத் தொடங்குவதைப் பின்னறிவுச் சார்பு என்கிறோம். உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 1814ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் – கூர்க்கா போரைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, நான்கு முடிவுகளுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார். ஒரு குறிப்பிட்ட முடிவுதான் உண்மையில் நடந்தது என்று சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவுக்கே கூடுதல் வாய்ப்பு இருந்ததாக மதிப்பிட்டார்கள். விலை வரைபடத்தில் இந்தச் சார்பு இன்னும் எளிதாக வேலை செய்கிறது. ஏனெனில் அங்கே கேள்வியும் விடையும் ஒரே தாளில் அருகருகே அச்சாகியிருக்கின்றன. இதற்கு, விடையை மூடிவிட்டு, ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் ஒரு கேண்டிலைத் திறந்து, முடிவை எழுதி, பிறகு அடுத்த கேண்டிலைத் திறப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வரைபடத்தைத் தயார் செய்தல்

தினசரி கேண்டில்கள் சுமார் 150 அடங்கிய ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 60 கேண்டில்கள் மட்டும் தெரியும்படி, மீதியைத் தடித்த அட்டையால் மூடுங்கள். கணினியில் செய்பவர்கள் வரைபட மென்பொருள்களில் உள்ள ரீப்ளே வசதியைப் பயன்படுத்தலாம். அது தேர்ந்தெடுத்த நாளுக்குப் பிந்தைய கேண்டில்களை மறைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும்.

மூடிய பிறகும் எதிர்காலம் கசியும் இடங்கள் உண்டு. அவற்றை அடைக்காவிட்டால் பயிற்சி வீணாகும். பலரும் கவனிக்காத முதல் கசிவு, இடம் வலமாக அல்லாமல் மேல் கீழாக நிகழ்வது. அச்சிட்ட தாளின் விலை அளவுகோல் 150 கேண்டில்களுக்கும் பொருந்தும்படி அமைந்திருப்பதால், தெரியும் 60 கேண்டில்கள் தாளின் உச்சியில் நெருக்கமாக ஒட்டியிருந்தால், கீழே இருக்கும் வெற்றிடத்தை விலை பின்னர் நிரப்பப்போகிறது என்று உங்கள் கண் கணித்துவிடும். ஆகவே தாளில் பயிற்சி செய்வோர் அளவுகோலின் மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு அச்சிட வேண்டும். கணினியில், தெரியும் கேண்டில்களுக்கு மட்டும் அளவுகோல் பொருந்தும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கசிவு உங்கள் நினைவு. நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால், கதையும் தெரிந்துவிடும். எனவே வரைபடத்தை நண்பர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பெயரையும் தேதியையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். விலையே அடையாளம் காட்டிவிடக்கூடும் என்பதால், முதல் நாளின் முடிவு விலையை 100 என்று வைத்து மற்ற எல்லா விலைகளையும் மாற்றிவிடலாம். விரிதாளில் தேதி A நிரலிலும், தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு ஆகியவை B முதல் E வரையும் இருந்தால், கீழுள்ள வாய்பாட்டை ஒரு வெற்று நிரலில் இட்டு வலமும் கீழும் நகலெடுத்தால் போதும்:

```
=B2/$E$2*100
```

நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: சுவையான திருப்பம் உள்ள பகுதியைத் தேடித் தரக் கூடாது. அப்படித் தந்தால், மூடிய பகுதியில் ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்பது அட்டையைத் தொடும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் நடக்காத வரைபடங்களும் கலந்து வர வேண்டும்.

விலையின் திருப்பங்களைக் கோடுகளால் இணைக்கும் ஸிக்ஸாக் போன்ற குறிகாட்டிகளையும் நீக்கிவிடுங்கள். பிந்தைய விலைகளைப் பார்த்த பிறகே அவை தம் முந்தைய கோட்டை முடிவு செய்கின்றன. முழு வரைபடத்தில் வரைந்துவிட்டுப் பிறகு மூடினால், ஒவ்வொரு திருப்பமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: விதியையும் குறிப்பேட்டையும் அமைத்தல்

அட்டையை நகர்த்தும் முன், ஒவ்வொரு கேண்டிலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: வாங்குகிறேனா, விற்கிறேனா, காத்திருக்கிறேனா, வாங்கினால் இழப்பை ஏற்று வெளியேறும் விலையான ஸ்டாப் லாஸ் எங்கே, விலை என் பக்கம் செல்லும் வாய்ப்பு எத்தனை சதவீதம். பேனாவால் எழுதுங்கள், அடிக்காதீர்கள். காத்திருக்கிறேன் என்பதும் ஒரு முடிவே என்பதால், அந்த வரியையும் விடாமல் எழுத வேண்டும்.

கேண்டில் முடிந்த பிறகுதான் அதன் வடிவம் தெரியும். எனவே அந்தக் கேண்டிலைப் பார்த்து எடுத்த முடிவை அடுத்த கேண்டிலின் தொடக்க விலையில்தான் நிறைவேற்ற வேண்டும். ஒரே நாளில் இலக்கும் ஸ்டாப் லாஸும் தொடப்பட்டால், ஸ்டாப் லாஸ்தான் முதலில் தொடப்பட்டது என்று கொள்ளுங்கள், ஏனெனில் தினசரி கேண்டில் எது முந்தியது என்பதைக் காட்டுவதில்லை. அடுத்த நாளின் தொடக்கமே ஸ்டாப் லாஸுக்குக் கீழே அமைந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இதன் தேவை சற்று நேரத்தில் புலப்படும்.

மூன்றாம் படி: ஒரு வரைபடத்தில் நடந்து பார்த்தல்

முறையை விளக்க 2020 மார்ச் நிஃப்டியையே எடுத்துக்கொள்கிறேன். முடிவு நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இது பயிற்சிக்கு உதவாது; ஆனால் பின்னறிவு எதை மறைக்கிறது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வரைபடம் கிடைப்பது அரிது.

விதி எளிமையானது. சந்தை தன் உச்சத்திலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் சரிந்த பிறகு, ஒரு நாளின் முடிவு விலை அந்நாளின் தாழ்வுக்கும் உச்சத்துக்கும் இடைப்பட்ட வீச்சின் மேல் மூன்றில் ஒரு பங்கில் அமைந்தால், மறுநாள் தொடக்கத்தில் வாங்க வேண்டும். ஸ்டாப் லாஸ் அந்தக் கேண்டிலின் தாழ்வில் இருக்கும். மறுநாள் தொடக்கம் ஸ்டாப் லாஸுக்குக் கீழே அமைந்தால் வாங்கக் கூடாது.

மார்ச் 13ஆம் தேதியின் கேண்டிலைத் திறக்கிறோம். காலையில் 10 சதவீதச் சரிவால் வணிகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்ட நாள் அது. தாழ்வு 8,555, உச்சம் 10,159, முடிவு 9,955. நீண்ட கீழ்வாலுடன் கூடிய இந்தக் கேண்டிலைப் பாடநூலின் அட்டையில் அச்சிடலாம். விதிப்படி வாங்குகிறோம், 16ஆம் தேதி தொடக்கம் ஏறத்தாழ 9,590. அதன் பிறகு முடிவு விலைகள் 9,197, 8,967 என்று இறங்கி, 18ஆம் தேதி 8,469இல் முடிகின்றன. அன்று ஸ்டாப் லாஸ் தொடப்படுகிறது. ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் இழப்பு.

மார்ச் 20 அன்று நிஃப்டி 8,178இலிருந்து 8,883 வரை ஏறி, 8,745இல் முடிகிறது. மீண்டும் வாங்கச் சொல்கிறது விதி. ஆனால் அடுத்த வணிக நாளான 23ஆம் தேதி, தொடக்கமே 7,950க்கு அருகில், அதாவது ஸ்டாப் லாஸுக்குக் கீழே அமைகிறது. விதியின் கடைசி வரி இருப்பதால் நாம் வாங்கவில்லை. அந்த வரியை எழுதாமல், 20ஆம் தேதி முடிவு விலையிலேயே வாங்கியதாகக் கணக்கிட்ட ஒருவர், 8,178இல் வெளியேறியதாக எழுதி 567 புள்ளி இழப்பைக் காட்டுவார். உண்மையில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலை சுமார் 7,950 என்பதால் இழப்பு 800 புள்ளியை நெருங்கும். அன்றைய முடிவு 7,610.

இப்போது மார்ச் 24. தாழ்வு 7,511, உச்சம் 8,037, முடிவு 7,801. முடிவு விலை வீச்சின் நடுவுக்குச் சற்றே மேலே நிற்கிறது. விதி வாய் திறக்கவில்லை. இன்று எல்லோரும் சுட்டிக்காட்டும் அந்த நாளுக்கு நம் குறிப்பேட்டில் கிடைக்கும் வரி, ‘காத்திருக்கிறேன்’ என்பதே. மறுநாள் 25ஆம் தேதி முடிவு 8,318இல், வீச்சின் உச்சிக்கு அருகில் அமைய, விதி மூன்றாம் முறையாக வாங்கச் சொல்கிறது. 26ஆம் தேதி தொடக்கமான ஏறத்தாழ 8,450இல் வாங்குகிறோம். ஸ்டாப் லாஸ் 7,715. ஏப்ரல் 3 அன்று முடிவு 8,084 வரை இறங்கி, நம்மை இழப்பிலேயே உட்கார வைக்கிறது. ஏப்ரல் 9 அன்று 9,112.

முழு வரைபடத்தைப் பார்த்தவரின் நினைவில் நிற்பது, 7,511இல் ஓர் அடிமட்டம், அதற்கு மேல் ஓர் ஏற்றம் என்பது மட்டுமே. குறிப்பேட்டில் இருப்பதோ ஒரு பெரிய இழப்பு, வாங்காமல் தப்பிய ஒரு நாள், அடிமட்டத்திலிருந்து 900 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்த பிறகு கிடைத்த ஒரு நுழைவு, அதிலும் சில நாள் நீடித்த இழப்பு. மார்ச் 13இன் கேண்டில் 25இன் கேண்டிலைவிடக் கவர்ச்சியாக இருந்தது என்பதைப் பின்னறிவு முற்றிலும் அழித்துவிடுகிறது. ஒரு வடிவம் வேலை செய்த இடங்களை மட்டும் தேடித் திரட்டும் பாடங்களில் நான் காணும் முதன்மையான குறை இதுவே.

நான்காம் படி: உங்கள் சார்பை அளந்து பார்த்தல்

ஒரு வரைபடம் முடிந்ததும் குறிப்பேட்டை மூடி வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, அட்டை இல்லாத முழு வரைபடத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய இடங்களில் எத்தனை சதவீதம் வாய்ப்பு எழுதியிருந்தீர்கள் என்பதை நினைவிலிருந்து தனித்தாளில் எழுதி, பிறகு குறிப்பேட்டுடன் ஒப்பிடுங்கள். வென்ற இடங்களில் 55 என்று எழுதியதை 70 என்றும், தோற்ற இடங்களில் 60 என்று எழுதியதை 45 என்றும் நினைவு திருத்தியிருந்தால், அந்த இடைவெளிதான் உங்கள் பின்னறிவுச் சார்பின் அளவு. எனக்கு அது வென்ற இடங்களைவிடத் தோற்ற இடங்களில்தான் அதிகமாக இருந்தது; ‘எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது’ என்று என் நினைவு சொன்ன பல இடங்களில், குறிப்பேடு அப்படிச் சொல்லவில்லை.

முடிவுகள் குவிந்த பிறகு, 60 என்று எழுதிய இடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் எத்தனை வென்றன என்று எண்ணிப் பாருங்கள். 50 முடிவுகளில் 30 வென்றிருந்தால் உங்கள் மதிப்பீடு சரியாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு முடிவுகளை வைத்து இதைச் சொல்ல முடியாது. அந்த அளவில் தற்செயலே பெரும்பகுதியைத் தீர்மானிக்கும்.

ஒரு முறை திறந்த வரைபடத்தை மறுபடியும் மூடிப் பயிற்சி செய்யாதீர்கள். அதன் வலப்பக்கத்தை இனி எந்த அட்டையாலும் மறைக்க முடியாது. அதில் விதியை மாற்றத் தோன்றினால், மாற்றிய விதியைக் குறிப்பேட்டில் எழுதி, நண்பரிடம் புதிய வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, 61ஆம் கேண்டிலிலிருந்து தொடங்குங்கள்.