வேலை தொடங்கும் அன்று அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

ஒரு ஜவுளிக்கடைக்கு இணையதளம் செய்யும் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வந்த அன்றே வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் வேலையின் நோக்கத்தை "அழகான தளம்" என்று எழுதாமல், "200 சேலைகள், பணம் செலுத்தும் வசதியுடன், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே விற்பனைக்குத் தயார்" என்று எழுதுங்கள்.

அடுத்து, யாரிடம் பேசுவது என்பது. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். படங்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒப்புதல் தருபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒருமுறை வாடிக்கையாளர்களான அண்ணன் தம்பி இருவரில், அண்ணன் சரி என்ற முகப்பைத் தம்பி வந்து மாற்றச் சொல்ல, எனக்கு இரண்டு வாரம் வீணாயிற்று. அதிலிருந்து, "இறுதி ஒப்புதல் தங்களுடையது மட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன், வேறொருவர் என்றால் பெயரைத் தெரிவியுங்கள்" என்று எழுதிவிடுகிறேன்.

சந்திப்புக்குச் செவ்வாய்தோறும் காலை 11 மணி, அரை மணி நேரம் போதும்.

முதலில் தரப்போவதை நிபந்தனையோடு சொல்லுங்கள்: "10ஆம் தேதிக்குள் லோகோவும் 20 சேலைப் படங்களும் கிடைத்தால், 17ஆம் தேதி முகப்புப் பக்க மாதிரி வரும். படங்கள் தாமதமானால் மாதிரியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்."

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். போன் செய்து, "சரி" என்ற ஒரு சொல்லையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.