படுத்தால் காதில் ‘தட் தட்’: இரவிலேயே செய்து பார்க்கும் சோதனை

பகலெல்லாம் கேட்காத இதயத்துடிப்பு படுத்ததும் கேட்பதற்கு முதல் காரணம் அறையின் அமைதிதான். மின்விசிறி ஓடும்வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் போனதும் ‘தட்... தட்...’ ஆரம்பிக்கும். காது தலையணையில் அழுந்தியிருந்தால் இன்னும் பலமாகக் கேட்கும். காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசினால் சொந்தக் குரலே முழங்குமே, அதே கதைதான். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இப்படிக் கேட்கும்.

முதலில் இரண்டு நிமிடம் மல்லாந்து படுங்கள். இரண்டு காதும் தலையணையைத் தொடக்கூடாது. ஓசை நின்றுவிட்டால் அது பெரும்பாலும் தலையணை சமாச்சாரம். நெஞ்சில் தட்டுவது இடப்பக்கம் படுக்கும்போது மட்டும் என்றால், அந்தப் பக்கம் சாய்கையில் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதுதான் காரணம். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் குறையும்.

மல்லாந்தும் கேட்கிறதா? அடுத்து நாடி. பலரும் தப்புச் செய்வது இங்கேதான். காதில் கேட்பதை எண்ணிவிட்டு அதையே நாடி என்று எழுதிவைக்கிறார்கள். தெரிய வேண்டியது காதோசையும் நாடியும் ஒன்றாகப் போகின்றனவா என்பது. ஆகவே கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள், அதற்கே நாடி உண்டு, குழப்பிவிடும். விரலில் ஒவ்வொரு தட்டலுக்கும் காதில் ஓர் ஓசை வந்தால் அது இரத்த ஓட்டத்தின் ஓசை. நாடியோடு சேராத ‘டிக் டிக்’ காதுக்குள் இருக்கும் சிறு தசையின் துடிப்பாக இருக்கலாம். விடாத ‘ங்ங்ஙொய்’ சாதாரணக் காதிரைச்சல்.

பிறகு எண்ணுங்கள், முழுதாக 60 விநாடி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் இடையில் தவறும் துடிப்பு கண்ணில் படாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணிக்கைக்குப் போதும், ஆனால் துடிப்பு சீரா இல்லையா என்பதை அது தனியாகச் சொல்லாது. விநாடி முள் உள்ள கடிகாரமும் ஒரு துண்டுத்தாளும்தான் என் தேர்வு. படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை எண்ணுங்கள். திரும்பத் திரும்ப எண்ணினால் பயத்திலேயே நாடி ஏறும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு.

கடைசியாகத் தலையை மெல்ல இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் ஓசை அடங்கினால், அது கழுத்துச் சிரையின் ஓசையாக இருக்க வாய்ப்பு உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தை அழுத்திப் பார்க்கவே கூடாது. அங்கே தமனியை அழுத்தினால் மயக்கம் வரலாம்.

தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘வலது காது. உஷ் உஷ். நாடியோடு சேர்கிறது. 96, சீர். எப்படிப் படுத்தாலும் கேட்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம்.’ இதைப் பார்த்ததும் இரத்தசோகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹீமோகுளோபின் பார்த்தால் 8.4 வருகிறது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே சோகை. இரத்தம் நீர்த்துவிட்டதால் இதயம் வேகமாகவும் அதிகமாகவும் இறைக்கிறது. அந்த ஓட்டத்தின் இரைச்சல்தான் காதுப் பக்கத்து இரத்தக்குழாயில் கேட்கிறது. மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி ஓசை வரும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் ஏறியபிறகும் ஒரே காதில் ஓசை நிற்கவில்லை என்றால் விட்டுவிடக்கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ‘காதில் இரைச்சல்’ என்று மட்டும் சொன்னால் சாதாரண இரைச்சலாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ‘நாடியோடு சேர்ந்து கேட்கிறது’ என்ற மூன்று வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள். அதன்பிறகுதான் காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைப்பதும், தேவைப்பட்டால் தலை, கழுத்து இரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுப்பதும் நடக்கும். கூடவே தலைவலி, குனிந்தால் கண் மங்குதல் இருந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் கண்ணின் பின்பக்க நரம்பையும் காட்டுங்கள். மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தம் கூடியிருந்தால் அங்கே வீக்கம் தெரியும்.

பின்சேர்க்கை: ‘ஒரு துடிப்பு நின்று, அடுத்தது டமால் என்று அடிக்கிறது’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் இடையில் ஒரு துடிப்பு முந்தி வந்துவிடுகிறது. அதன்பின் வரும் இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. எப்போதாவது வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. மாலைக் காபியையும், மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுங்கள். துடிப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ எண்ணிக்கொண்டு இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.