பெங்களூருக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு: பிள்ளையின் கன்னம் சிவந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

பள்ளிக்கூடப் பிள்ளையோடு பெங்களூருக்குக் குடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறார்கள்: வீட்டு அட்வான்ஸ், பள்ளி சேர்க்கை, தண்ணீர் லாரி. அதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கு டி.சி.யும் தடுப்பூசி அட்டையும் கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார மையத்தில் பதிந்து தாய் கார்டு வாங்குங்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற எண்ணம் இருந்தால் தமிழ்நாட்டிலும் ஆர்.சி.எச். எண்ணுக்குப் பதிந்துகொள்ளுங்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. எங்கள் குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் இருக்கும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, மழலையர் பள்ளி டீச்சர், கர்ப்பமாக இருந்தபோது இந்த விஷயத்தில் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். அவளுக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது.

அவள் வகுப்பில் யு.கே.ஜி. பையன் ஒருவனுக்கு இரண்டு கன்னமும் அறை வாங்கியதுபோலச் சிவந்தன. பள்ளி உடனே வீட்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னது. நம் ஊரிலும் இதைத்தானே செய்வோம்? உடம்பில் ஏதாவது தடித்தால் அம்மை என்று வேப்பிலை கட்டி, பிள்ளையை உள்ளே வைத்து, கர்ப்பிணிகளை அந்த வாசல் பக்கமே விடமாட்டோம். தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் அந்த ஏற்பாடு சரி. இந்த நோய்க்கு அது காலம் கடந்த காவல்.

இது பார்வோவைரஸ் பி19 என்கிற கிருமியால் வருவது. நாய்க்கு ஊசி போடுகிறோமே, அந்தப் பார்வோ வேறு. இது மனிதருக்கு மட்டுமே வரும். முதலில் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல், சளி, தலைவலி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிள்ளையும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். தும்மலிலும் எச்சிலிலும் கிருமி பரவுவது அந்த நாட்களில்தான். ஒரு வாரம் போல் கழித்து, காய்ச்சல் எல்லாம் விட்டபின், கன்னம் சிவக்கிறது. உடம்பு கிருமியை எதிர்த்து முடித்ததன் அடையாளம் அது. கன்னம் சிவந்த நாளில், மற்றபடி ஆரோக்கியமான பிள்ளையிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது. ஒரு வாரம் வீட்டில் வைப்பதால் ஒருவருக்கும் பயனில்லை. அந்தப் பையன் தொற்றோடு இருந்தது அதற்கு முந்தைய வாரம், என் தோழியின் மடியில் உட்கார்ந்து எழுத்துப் பழகிய வாரம்.

நம் பிள்ளைகளின் நிறத்தில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியாமலும் போகலாம். கன்னம் கொஞ்சம் உப்பி, தொட்டால் சூடாக, வழக்கத்தைவிடக் கருத்து இருக்கும். வாயைச் சுற்றி மட்டும் வெளிறும். அடுத்த சில நாட்களில் மேல்கையிலும் தொடையிலும் வலை பின்னியதுபோலத் தடிப்பு வரும். வெயிலில் விளையாடினாலோ வெந்நீரில் குளித்தாலோ மறைந்தது மறுபடி தலைகாட்டும், இரண்டு மூன்று வாரம்கூட இப்படிப் போகும். பிள்ளை என்னவோ ஓடி ஆடிக்கொண்டிருக்கும். தட்டம்மை அப்படி இருக்காது. கடும் காய்ச்சல், இருமல், சிவந்த கண், காதோரத்தில் தொடங்கி கீழே இறங்கும் தடிப்பு, பிள்ளை சுருண்டு படுத்திருக்கும். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், பார்த்தே சொல்லிவிடுவார். பிள்ளைக்குத் தனி மருந்து எதுவும் தேவையில்லை. ஆனால் தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய் உள்ள பிள்ளை என்றால் விஷயமே வேறு. ஹீமோகுளோபின் சடசடவென்று இறங்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணம், இந்தக் கிருமி தாக்குவது எலும்பு மஜ்ஜையில் உருவாகிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்களை. நமக்குச் சிவப்பணு நாலு மாதம் வாழும், ஒரு வாரம் உற்பத்தி நின்றாலும் தெரியாது. வயிற்றில் வளரும் சிசு வேகமாக வளர்கிறது, அதன் சிவப்பணுவுக்கு ஆயுளும் குறைவு. அங்கே உற்பத்தி நின்றால் ரத்தசோகை வரும், இதயம் திணறும், வயிற்றிலும் தோலுக்கடியிலும் நீர் கோர்க்கும். இருபது வாரத்துக்குள் தொற்றினால்தான் பயம் அதிகம்.

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். அவர்களுக்கு மறுபடி வராது, சிசுவுக்கும் ஆபத்தில்லை. வராத தாய்க்கு இப்போது தொற்றினாலும் மூன்றில் ஒரு பங்குதான் சிசுவுக்குப் போகிறது. இருபது வாரத்துக்குள் தொற்றிய தாய்மார்களில், வழக்கமாக நேரும் இழப்புக்கு மேல் நூற்றில் பத்துக்குள்தான் கரு கலைகிறது. நீர் கோர்ப்பது நூற்றில் மூன்று போல. ருபெல்லாபோல இது உறுப்புக் குறை உண்டாக்குகிற கிருமி அல்ல. ஆகவே "தொற்றிவிட்டதா, கலைத்துவிடு" என்று யாராவது சொன்னால், அது மாமியாராகவே இருந்தாலும், காதில் வாங்காதீர்கள். என் தோழியிடம் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இனி அவள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். பையனின் கன்னம் சிவந்தபோது அவளுக்குப் பதினைந்தாவது வாரம். மறுநாளே, தான் பார்க்கும் கிளினிக்குக்குப் போய் விவரம் சொன்னாள். சிசுவைப் பாதிக்கும் சில தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் டார்ச் என்கிற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டை நான் பின்னால் வாங்கிப் பார்த்தேன். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ். நாலே நாலு. பாடப்புத்தகத்தில் டார்ச் வரிசையின் "மற்றவை" என்கிற பகுதியில் பார்வோவும் உண்டு. லேப்கள் விற்கும் டார்ச் பேக்கேஜில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. எழுதியவர் இருக்கும் என்று நினைக்கிறார், லேப் தன் பேக்கேஜைச் செய்கிறது, நோயாளி கையில் நார்மல் ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறாள். கேட்ட கேள்விக்கான பரிசோதனையே நடக்கவில்லை.

பதினேழாவது வாரத்தில் அவளுக்குக் காலையில் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வலித்தன, முழங்காலும் பிடித்துக்கொண்டது. "அக்கா, சாக்பீஸ் பிடிக்க முடியலை" என்றாள். கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, கன்னச் சிவப்பு வருவது அரிது. இந்தக் கிருமி பெரும்பாலும் மூட்டுவலியாகத்தான் வெளிப்படும். அந்த வாரத்தில் சரியான ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

இருபதாம் வாரத்து அனாமலி ஸ்கேனில் சிசுவின் வயிற்றில் நீர் தெரிந்தது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே வைத்தியம் பார்க்கும் ஃபீட்டல் மெடிசின் மருத்துவரிடம் அன்றே அனுப்பினார்கள். அவர் சிசுவின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார். ரத்தம் நீர்த்துப் போனால் அங்கே ஓட்டம் வேகமாகும். அந்த வாரத்துக்கு இருக்க வேண்டிய வேகத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் ரத்தசோகை மிதமானதாகவோ கடுமையானதாகவோ இருக்கும் என்று கொள்கிறார்கள். அவளுக்கு அதையும் தாண்டியிருந்தது. புதிதாகத் தொற்றியதைக் காட்டும் பார்வோ ஐஜிஎம் பரிசோதனையும் பாசிட்டிவ். ஸ்கேனில் பார்த்தபடியே தொப்புள்கொடி நரம்பில் மெல்லிய ஊசி இறக்கி ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினார்கள். இருபது வாரத்தில் அந்த நரம்பு எவ்வளவு நுண்ணியது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிச் செய்கிற கைகள் இந்த ஊரில் இருப்பதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. கிருமி தானே அடங்கிவிடும் என்பதால் பலருக்கு ஒருமுறை ஏற்றினாலே போதுகிறது. அவளுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. நீர் மெல்ல வற்றியது.

ஆகவே, உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இது வந்தால், கர்ப்பிணி கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் பார்வோவைரஸ் பி19 ஐஜிஜி, ஐஜிஎம். இரண்டும் வேண்டும். சீட்டில் இந்தப் பெயரே எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்தம் கொடுங்கள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, கவலையை விட்டுவிடலாம். இரண்டும் நெகட்டிவ் என்றால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொற்றிய உடனே ஐஜிஎம் தெரியாது, பத்து நாள் போல் ஆகும். கடைசியாகப் பழகி ஒரு மாதம் ஆனதும் மறுபடி எடுக்க வேண்டும். நடுவில் மூட்டுவலியோ தடிப்போ வந்தால் அன்றே எடுத்துவிடுங்கள், தடிப்பு இருந்தால் ருபெல்லாவும் சேர்த்து. ஐஜிஎம் பாசிட்டிவ் ஆனால் ஃபீட்டல் மெடிசினுக்குப் போய், ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாப்ளர், தொற்றிய நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை. என் தோழிக்கு இந்த வரிசை நடந்திருந்தால் நீர் கோர்ப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையின் கன்னம் சிவந்த நாளிலிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாட்களில் பிள்ளையோடு ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்த கர்ப்பிணிகள் யார் யார்? வகுப்பு டீச்சர், ஆயாம்மா, வேனில் வரும் அக்கா, டியூஷன் அக்கா, வீட்டு வேலைக்கு வருகிறவர், பிறந்தநாளுக்கு வந்த அம்மாக்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளை பெயர் போடாமல் இரண்டு வரி போதும்: "வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பார்வோவைரஸ் பி19 என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கர்ப்பமாக இருப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் சொல்லி ஐஜிஜி, ஐஜிஎம் எடுத்துக்கொள்ளுங்கள்." மூன்று மாதம் ஆகாதவர்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் எல்லோருக்கும் போகிற மாதிரி சொல்லுங்கள். ஆயாம்மாக்கள் அந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள், நேரில் கன்னடத்திலோ தமிழிலோ சொல்லிவிடுங்கள். ஊரில் நர்ஸம்மா தெருவில் வரும்போதே யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இங்கே எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் பெயரே தெரியாமல் வருஷம் ஓடுகிறது.

உங்கள் பிள்ளைக்கே வந்து, நீங்களே கர்ப்பமாக இருந்தால், பள்ளியைவிட வீட்டில்தான் ஆபத்து அதிகம். எதிர்ப்புச் சக்தி இல்லாத தாய்க்குச் சொந்தப் பிள்ளையிடமிருந்து தொற்ற ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. தடுப்பூசி கிடையாது. சளி துடைத்த கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், எச்சில் தம்ளரைப் பகிராதீர்கள். பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டாம், கன்னம் சிவந்தபின் அதில் அர்த்தமும் இல்லை.

ஏழாம் மாதம் சீமந்தம் முடித்து ஊருக்கு அழைத்துப்போகிற வழக்கம் நமக்கு. என் தோழியின் அம்மா ஆறாம் மாதமே வந்து கூப்பிட்டார். ஃபீட்டல் மெடிசின் மருத்துவர் டாப்ளர் வாரங்கள் முடியும் வரை விடவில்லை. அதன்பின் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினாள். கையில் ஒரு கோப்பு: ஐஜிஎம் ரிப்போர்ட், ஒவ்வொரு டாப்ளர் அளவும் தேதியோடு, ரத்தம் ஏற்றிய விவரம், பிறந்ததும் குழந்தையின் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி இங்கிருந்து எழுதிய கடிதம். நீங்களும் பிரசவத்துக்கு ஊர் போவதாக இருந்தால் இந்த நாலையும் இங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.