காய் குறைவு, விதி அட்டையில் அச்சுப்பிழை: விற்றவருக்குப் புகார்க் கடிதம் எழுதும் முறை

புதிதாக வாங்கிய போர்டு விளையாட்டைப் பிரித்தால் காய்கள் குறைகின்றன. கூடவே வந்த விதி அட்டையிலும் ஏதோ தப்பாக அச்சாகியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாம், ஆனால் ஒரே குறையாக எழுதக் கூடாது. காய் குறைந்தது பெரும்பாலும் உங்கள் பெட்டியில் மட்டும் நடந்தது. அச்சுப்பிழை அநேகமாக அந்த அச்சில் வந்த எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். “பெட்டியை மாற்றிக் கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால், காய்கள் சரியாக இருக்கும் புதுப் பெட்டிக்குள் அதே பிழையான அட்டை மறுபடி வந்து சேரும். அதனால் ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாகத் தீர்வு கேட்க வேண்டும்.

விளக்க ஒரு கற்பனை விளையாட்டை வைத்துக்கொள்வோம். பெயர் ‘நான்கு துறைமுகம்’. 4 பேர் ஆடுவது. பெட்டிக்குள் 60 மரக்காய்கள் (ஒரு நிறத்துக்கு 15), 2 பகடைகள், 48 சரக்கு அட்டைகள், ஆளுக்கு ஒன்றாக 4 விதி அட்டைகள், ஒரு விதிப் புத்தகம் இருக்க வேண்டும்.

முதலில் எண்ணுங்கள், நிறம் பிரித்து

விதிப் புத்தகத்தின் முதல் பக்கங்களில், சில சமயம் பெட்டியின் பின்பக்கத்தில், உள்ளே என்னென்ன எத்தனை என்ற பட்டியல் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். இணையத்தில் யாரோ எழுதிய எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஒரே விளையாட்டின் வேறு வேறு பதிப்புகளில் காய்களின் எண்ணிக்கை மாறலாம்.

எண்ணுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். காய்களைப் பொருத்தி வைக்கும் பிளாஸ்டிக் தட்டை முழுதாகத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். காய்கள் வந்த பிளாஸ்டிக் பைகளின் ஓரமடிப்பில் விரல் விட்டுப் பாருங்கள். பிய்த்தெடுக்கும் அட்டைக்காய்கள் இருந்தால், பிய்த்த பிறகு மிஞ்சும் சட்டத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொலைந்ததாக நினைக்கும் காய்கள் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். புகார் முடியும்வரை அந்தச் சட்டங்களையும் பைகளையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் எல்லாம் வேண்டியிருக்கும்.

இப்போது நம் உதாரணம். சிவப்பு 15, பச்சை 15, மஞ்சள் 16, நீலம் 13. கூட்டினால் 59. மொத்தத்தை மட்டும் எண்ணியவர் “ஒரு காய் குறைகிறது” என்று எழுதுவார். கடைக்காரர் ஏதாவது ஒரு நிறத்தில் ஒரு காய் அனுப்பிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார். உண்மையில் குறைவது 2 நீலக் காய்கள், கூடுதலாக வந்தது 1 மஞ்சள். இப்படி நிறம் மாறி விழுவது அபூர்வமில்லை. பொட்டலத்தை எடை போட்டுச் சரிபார்க்கும் இடத்தில், ஒரே அளவுள்ள மஞ்சள் காய்க்கும் நீலக் காய்க்கும் தராசில் வித்தியாசம் தெரியாது.

குறையும் காயின் வடிவத்தையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கும் 13 நீலக் காய்களில் ஒன்றை ஸ்கேலில் வைத்து அளந்தால் போதும்: உருளை வடிவம், விட்டம் 10 மி.மீ., உயரம் 10 மி.மீ. உதிரிக் காய்களை எடுத்து அனுப்புகிறவர் உங்கள் விளையாட்டை ஆடியவராக இருக்க மாட்டார். அவருக்குக் காயின் பெயரைவிட நிறமும் வடிவமும் அளவும்தான் உதவும்.

விதி அட்டையில் இருப்பது பிழைதானா?

இதை உறுதி செய்யாமல் எழுதினால், “அது பிழையில்லை, விதியே அப்படித்தான்” என்ற பதில் வரும். எனவே அட்டையையும் விதிப் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

நம் விளையாட்டில் ஒரு முறைக்கு நான்கு செயல்கள். புத்தகத்தின் 5ஆம் பக்கத்தில் 1. பகடை உருட்டு, 2. காயை நகர்த்து, 3. சரக்கு எடு, 4. சரக்கை விற்று விடு என்று இருக்கிறது. அட்டையிலோ 1, 2, 2, 4 என்று வரிகள் இருக்கின்றன. ‘காயை நகர்த்து’ இரண்டு முறை அச்சாகியிருக்கிறது, ‘சரக்கு எடு’ என்ற வரியே இல்லை. எண் வரிசை உடைந்திருப்பதால் இது பிழை என்பதில் சந்தேகமில்லை. அட்டையை நம்பி ஆடினால் யாருக்கும் சரக்கே கிடைக்காது, விற்கவும் எதுவும் இருக்காது. இந்த விளைவைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ‘எழுத்துப் பிழைக்கெல்லாம் புகாரா’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எல்லாப் பிழையும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. புத்தகத்தில் “2 அட்டை எடு” என்றும் அட்டையில் “3 அட்டை எடு” என்றும் இருந்தால் எது சரி என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். வெளியீட்டாளரின் இணையதளத்தில் திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கடிதத்தில் “இரண்டும் முரண்படுகின்றன, எது சரி?” என்று கேள்வியாகவே எழுதுங்கள்.

அடுத்து, 4 விதி அட்டைகளையும் பாருங்கள். நான்கிலும் அதே பிழை என்றால் அச்சுக்குப் போன கோப்பிலேயே தவறு இருந்திருக்கும், மற்றப் பெட்டிகளிலும் அதேதான் இருக்கும். ஓர் அட்டையில் மட்டும் மை மங்கியோ வெட்டு நகர்ந்தோ இருந்தால் அது அந்த அட்டையின் குறை. முதல் வகைக்குத் திருத்திய அட்டையைக் கேட்க வேண்டும், இரண்டாவதுக்கு இன்னொரு பிரதி போதும்.

விதி அட்டை என்பதில் ஒரு நிம்மதி உண்டு. கலைத்துப் போடும் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை மட்டும் வேறு அச்சிலிருந்து மாற்றினால், பின்பக்க நிறம் சற்று வேறுபட்டு அது எந்தச் சீட்டு என்று தெரிந்துவிடும். விதி அட்டையை எல்லோரும் முகம் தெரியவே வைத்திருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அச்சிட்டுக்கொள்ள ஒரு பிடிஎஃப் கோப்பு வந்தால்கூட வேலை நடக்கும்.

மூன்று படங்கள்

காய்களை நிறவாரியாக, ஐந்தைந்தாக வரிசைப்படுத்தி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். குவித்து எடுத்த படத்தில் 13ஆ 15ஆ என்று யாராலும் எண்ண முடியாது. விதி அட்டையையும் புத்தகத்தின் 5ஆம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாவது படம். பெட்டியின் அடியில் பார்கோடுக்கு அருகே உள்ள பதிப்பு விவரமும் பேட்ச் எண்ணும் தெரிய மூன்றாவது படம். பேட்ச் எண் எல்லாப் பெட்டியிலும் இருக்காது. இருந்தால் எந்த அச்சில் பிழை என்று கண்டுபிடிக்க அதுதான் வழி.

யாருக்கு எழுதுவது?

பணம் வாங்கியவர் விற்பனையாளர், ஆகவே கடிதம் முதலில் அவருக்கு. ஆனால் பெரும்பாலான கடைகளில் உதிரிக் காய்கள் இருக்காது. பல வெளியீட்டாளர்கள் உதிரி கேட்பதற்கென்றே தங்கள் தளத்தில் படிவம் வைத்திருக்கிறார்கள். அங்கும் கேட்கலாம், ஆனால் அதைக் கடைக்காரரிடம் மறைக்க வேண்டாம். வெளியீட்டாளரின் பதிலுக்குக் காத்திருந்து கடையின் ரிட்டர்ன் காலக்கெடுவைத் தவறவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. கடைக்கு உடனே எழுதிவிட்டால் புகார் செய்த தேதி பதிவாகிவிடும்.

கடிதம்

பொருள் வரியிலேயே ஆர்டர் எண்ணும் குறையும் வந்துவிட வேண்டும். கடிதத்தின் உள்ளே முதலில் என்ன வாங்கினீர்கள், பிறகு குறை ஒன்று, குறை இரண்டு, கடைசியில் என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும்.

பொருள்: ஆர்டர் எண் ______ – ‘நான்கு துறைமுகம்’ – 2 நீலக் காய்கள் இல்லை, விதி அட்டையில் அச்சுப்பிழை

வணக்கம்.

______ தேதியில் உங்களிடம் வாங்கிய ‘நான்கு துறைமுகம்’ பெட்டி ______ அன்று வந்து சேர்ந்தது. உறை பிரிக்கப்படாமல் இருந்தது. பெட்டியின் பேட்ச் எண் ______. உள்ளே இரண்டு குறைகள் இருக்கின்றன.

1. காய்கள்: பட்டியலின்படி ஒவ்வொரு நிறத்திலும் 15 காய்கள் இருக்க வேண்டும். நீலம் 13 மட்டுமே இருக்கிறது (உருளை, விட்டம் 10 மி.மீ., உயரம் 10 மி.மீ.). மஞ்சள் ஒன்று கூடுதலாக 16 இருக்கிறது. தட்டின் அடியிலும் பைகளிலும் தேடிவிட்டேன். (படம் 1)

2. விதி அட்டை: 4 அட்டைகளிலும் இரண்டாவது செயல் இருமுறை அச்சாகி, மூன்றாவது செயலான ‘சரக்கு எடு’ விடுபட்டிருக்கிறது. விதிப் புத்தகம் பக்கம் 5இல் சரியாக உள்ளது. அட்டையின்படி ஆடினால் ஆட்டம் நகராது. (படம் 2)

2 நீலக் காய்களையும் திருத்திய 4 விதி அட்டைகளையும் அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். திருத்திய அட்டை இன்னும் அச்சாகவில்லை என்றால் அதன் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். பெட்டியை மாற்றித் தருவதாக இருந்தால், புதுப் பெட்டியில் இந்த அச்சுப்பிழை இல்லை என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். காய்களைத் தர இயலாவிட்டால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டுகிறேன்.

______ தேதிக்குள் பதில் தெரிவியுங்கள். பில்லும் மூன்று படங்களும் இணைத்துள்ளேன்.

பெயர், முகவரி, தொலைபேசி எண்

பதில் தேதியாக 14 நாள் தள்ளி ஒன்றைப் போடலாம். ஆனால் கடையின் ரிட்டர்ன் காலம் அதற்கு முன்பே முடிகிறது என்றால், அந்தக் காலம் முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். “விரைவில்” என்று எழுதினால் எந்த நாளில் நினைவூட்டுவது என்று உங்களுக்கே தெரியாது. “ஏமாற்றிவிட்டீர்கள்” போன்ற வரிகளையும் விட்டுவிடுங்கள். உறையிட்ட பெட்டிக்குள் என்ன குறைந்தது என்பது கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

பதில் வந்த பிறகு

“வெளியீட்டாளரைக் கேளுங்கள்” என்று கைகாட்டினால், வெளியீட்டாளரிடமும் கேட்டிருப்பதாகச் சொல்லி, “அங்கே கிடைக்காவிட்டால் உங்களிடம் மாற்றியோ பணமாகவோ பெற்றுக்கொள்கிறேன், இந்தப் புகாரைத் திறந்தே வையுங்கள்” என்று அதே மின்னஞ்சல் தொடரில் பதில் எழுதுங்கள். புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கினால் முதல் புகாரின் தேதியும் படங்களும் தனியாகப் பிரிந்துவிடும். தொலைபேசியில் பேசினால், பேசியதை இரண்டு வரியாக அதே தொடரில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அவர்கள் கேட்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எதற்காக வந்தது என்று தெரியாமல் அது கிடங்கில் ஒதுங்கிவிடும். உதிரிகள் வந்ததும் புது நீலக் காய்களைப் பழைய 13உடன் சேர்த்து நிறமும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விதி அட்டையை மறுபடியும் 5ஆம் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட வரியை மட்டும் சேர்த்துவிட்டு, இருமுறை வந்த வரியை நீக்காமல் ஐந்து வரிகளோடு அட்டை வரவும் வாய்ப்புண்டு. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் “பெற்றுக்கொண்டேன், புகாரை முடித்துக்கொள்ளலாம்” என்று எழுதுங்கள்.