“உயிரைக் காப்பாத்துதுல்ல, அப்ப ஹலால்தானே?” தாய்ப்பால் வங்கி விஷயத்துல மகாஸித் பேசுறவங்க பண்ற தவறுகள்

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு 29 வாரத்துலயே பிரசவம் ஆயிடுச்சு, குழந்தை 1100 கிராம், தாய்க்கு பால் இன்னும் ஊறல, டாக்டர் வந்து மில்க் பேங்க்ல இருந்து பால் குடுக்கலாமான்னு கேட்டிருக்காரு. அடுத்த பத்தாவது நிமிஷம் ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல சண்டை ஆரம்பிச்சிருச்சு. ஒரு மாமா “மகாஸித்படி உயிர்தான் முதல்ல, கேள்வியே தேவையில்ல”ன்னு போட்டாரு, இன்னொருத்தர் “மகாஸித்படி வம்சத்தைக் காக்கணும், அதனால ஹராம்”னு போட்டாரு. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையை வச்சு எதிரெதிரா முடிவு சொல்றாங்க, அதுவும் அவ்ளோ உறுதியா. அதைப் பார்த்ததுலருந்தே இதை எழுதணும்னு நினைச்சேன்.

மகாஸித் ஷரீஆன்னா சட்டத்துக்குப் பின்னாடி இருக்குற நோக்கங்கள். இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தன்னோட முஸ்தஸ்ஃபாவுல அஞ்சு சொல்றாரு: மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், சொத்து. இதைக் காக்குறதுல மூணு படித்தரமும் உண்டு. இல்லன்னா வாழ்க்கையே குலைஞ்சிரும்ங்கிறது ளரூரத், இல்லன்னா கஷ்டம் ஆனா சமாளிக்கலாம்ங்கிறது ஹாஜத், இருந்தா அழகுங்கிறது தஹ்ஸீன். 14ஆம் நூற்றாண்டுல கிரனாடாவுல இருந்த ஷாதிபி இதை ஒரு பெரிய அமைப்பாவே கட்டினாரு. இவ்ளோதான் பலருக்குத் தெரியும், இவ்ளோ தெரிஞ்சதும் ஃபத்வா குடுக்க ஆரம்பிச்சிடுறாங்க. சிக்கலே அங்கதான்.

பால் வங்கியில என்ன பிரச்சினைன்னு தெரியாதவங்களுக்கு: குர்ஆன் 4:23ல, கல்யாணம் பண்ணக்கூடாத உறவுகள்ல பால் குடுத்த தாயும் பால்குடி சகோதரியும் வர்றாங்க. வங்கியில யாரோட பால்னே தெரியாம ஒரு குழந்தை குடிச்சா, பின்னாடி தன்னோட பால்குடி சகோதரியையே தெரியாம நிக்காஹ் பண்ணிருவானோங்கிறதுதான் பயம். ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் வம்சம், ரெண்டுமே அந்த அஞ்சுல இருக்கு.

முதல் தவறு, அந்த அஞ்சையும் ரேங்க் லிஸ்ட் மாதிரி எடுத்துக்கிறது, “உயிர்” மேல இருக்கு, அதனால கீழ உள்ளது எல்லாம் அவுட் அப்படின்னு. கஸ்ஸாலியே ஒரு உதாரணம் சொல்றாரு. கப்பல் மூழ்கப்போகுது, ஒருத்தரைத் தூக்கிக் கடல்ல போட்டா மத்தவங்க பிழைப்பாங்க, போடலாமா? கூடாதுன்னுட்டாரு. பல உயிர் காப்பாத்தப்படுது, ஆனாலும் கூடாது. ஒரு நன்மையை வச்சு ஒரு தடையைத் தாண்டணும்னா அது ளரூரத் தரத்துல இருக்கணும், உறுதியா நடக்கும்னு தெரியணும், சமுதாயம் முழுக்கத் தொடுற விஷயமா இருக்கணும்னு மூணு கண்டிஷன் வைக்கிறாரு. அவர் சொன்னது ஒரு அப்பாவியோட உயிரை எடுக்குற கடுமையான இடத்துக்கு, பால் வங்கிக்கு அப்படியே ஒட்டாது, ஆனா “நோக்கம் நல்லது, அப்ப சரி”ன்னு அவர் எங்கயும் சொல்லலைங்கிறதுக்கு இது போதும்.

சரி, பால் வங்கி ளரூரத்தா ஹாஜத்தா? இதுக்கு கிதாப்ல பதில் இல்ல, குழந்தைகள் வார்டுலதான் இருக்கு. 1500 கிராமுக்குக் கீழ பிறக்குற குழந்தைக்கு குடல் அழுகிப்போற ஒரு நோய் வர வாய்ப்பு உண்டு, என்.இ.சி.ன்னு சொல்லுவாங்க, உயிரையே எடுக்கலாம். பவுடர் பாலுக்குப் பதிலா தானமா வந்த தாய்ப்பால் குடுத்தா அந்த ஆபத்து கிட்டத்தட்ட பாதியா குறையுது. அப்ப இந்த 1100 கிராம் குழந்தைக்கு கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. அதே வார்டுல நிறை மாசத்துல மூணு கிலோவுல பிறந்த குழந்தைக்கு, தாய்க்குப் பால் கம்மின்னா, பவுடர் பாலே போதும், உயிர் போகாது, அங்க அது ஹாஜத் அல்லது அதுக்கும் கீழ. ஒரே வங்கி, ஒரே பால், ரெண்டு குழந்தைக்கு ரெண்டு பதில். “பால் வங்கி ஹலாலா ஹராமா”ன்னு ஒத்தை வரியில கேட்டு ஒத்தை வரியில பதில் வாங்குறவங்க கோட்டை விடுறது இதைத்தான்.

அடுத்த தவறு கொஞ்சம் நுணுக்கமானது, மதரஸாவுல ஓதினவங்களே சில நேரம் சறுக்குவாங்க. ஹிக்மத்தையும் இல்லத்தையும் குழப்பிக்கிறது. பிரயாணத்துல தொழுகையைச் சுருக்குறோம்ல, அதுக்கு ஹிக்மத், அதாவது உள்நோக்கம், கஷ்டத்தைக் குறைக்கிறது. ஆனா சட்டம் தொங்குற கொக்கி, அதாவது இல்லத், பிரயாணம்தான். அதனால ஏசி கோச்ல படுத்துட்டுப் போறவரும் சுருக்கலாம், ஊர்ல வெயில்ல மூட்டை தூக்குறவர் சுருக்க முடியாது. கஷ்டம் ஆளுக்கு ஆள் மாறும், அதை அளக்க முடியாது, பிரயாணத்தை அளக்கலாம். இப்ப பாலுக்கு வாங்க. “தாய்மைப் பாசம்தான் நோக்கம், மடியில போட்டுக் குடுத்தாதான் உறவு, டியூப்ல போனா என்ன உறவு”ன்னு சிலர் சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு மத்ஹபும் பால் வயித்துக்குள்ள போறதைத்தான் பிடிச்சிருக்காங்க, வாயில ஊத்தினாலும் மூக்கு வழியா போனாலும் ஷாஃபி மத்ஹப்ல கணக்குதான். மார்புல உறிஞ்சினாதான் உறவுன்னு சொன்னவர் இப்னு ஹஸ்ம், அவர் நோக்கம் பாக்குறவரே கிடையாது, வார்த்தையோட நேரடி அர்த்தத்துல நிக்கிற லாஹிரி. பால் வங்கி கூடும்னு 1983ல குவைத் கருத்தரங்குல எகிப்து அறிஞர் யூசுஃப் கர்ளாவி சொன்னப்ப இவரோட கருத்தையும் துணைக்கு எடுத்துக்கிட்டாரு. நோக்கம் பாத்தா லேசா வரும், வார்த்தையைப் பாத்தா கடுமையா வரும்னு நம்மாளுங்க வச்சிருக்குற கணக்கு இங்க அப்படியே தலைகீழாப் போச்சு. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

மூணாவது தவறுதான் நம்ம குரூப்ல நடந்தது, ஒரு ஃபத்வாவை எடுத்துட்டு வந்து ஊரு, காலம் எதையும் பாக்காம ஒட்டுறது. 1985 டிசம்பர்ல ஜித்தாவுல சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, இஸ்லாமிய நாடுகள்ல பால் வங்கி தொடங்கக் கூடாது, அதுல இருந்து குடுக்குறதும் ஹராம்னு முடிவு பண்ணுச்சு. அதோட காரணங்கள்ல ஒண்ணு, நம்ம சமூகத்துல சொந்தபந்தம் இருக்கு, பால் குடுக்க ஆள் கிடைக்கும், வங்கி அவசியமில்லங்கிறது. அந்தக் காரணம் சில ஊர்ல இன்னும் நிக்கும், சில ஊர்ல நிக்காது. 2004ல ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், குறைமாசக் குழந்தைக்குத் தேவைன்னா வங்கிப் பால் குடுக்கலாம்னு சொல்லுச்சு, அங்க முஸ்லிம்கள் சிறுபான்மை, வங்கி ஏற்கனவே ஆஸ்பத்திரியில இருக்கு. சிங்கப்பூர்ல 2017ல வங்கி வந்தப்ப அங்க உள்ள முயிஸ்ங்கிற இஸ்லாமிய மார்க்க கவுன்சிலும் குறைமாசக் குழந்தைக்கு அனுமதிச்சுது. கராச்சியில வேற கதை. அங்க உள்ள தாருல் உலூம் கராச்சி மதரஸா 2023 கடைசியில, முஸ்லிம் தாய் பால் முஸ்லிம் குழந்தைக்கு, காசு கூடாது, யார் பால் யாருக்குன்னு பதிவு இருக்கணும் இந்த மாதிரி கண்டிஷனோட கூடும்னுச்சு, 2024 ஜூன்ல வங்கி திறந்ததும் கண்டிஷன் நடைமுறையில முடியாதுன்னு பாத்து ஃபத்வாவைத் திருத்திட்டாங்க, வங்கி நின்னுபோச்சு. பல்டின்னு கிண்டல் பண்ணினாங்க, ஆனா கண்டிஷனோட குடுத்த அனுமதி, கண்டிஷன் நடக்காதுன்னா விழத்தானே செய்யும்?

நாலாவது, எனக்கு ரொம்ப உறுத்துறது: மகாஸித்னு சொன்னதும் ஃபிக்ஹ் கிதாபையே மூடிடுறது. உண்மையில பாதி வேலை அங்கயே முடியும். கடலோரத்துல நம்மள்ல பலபேர் ஷாஃபி, காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எல்லாம் அப்படித்தான். ஷாஃபியில உறவு ஏற்பட அஞ்சு தடவை குடிக்கணும், ரெண்டு வயசுக்குள்ள. ஹனஃபியில ஒரு சொட்டே போதும். இன்னொண்ணு, இமாம் நவவியோட மின்ஹாஜ்ங்கிற ஷாஃபி கிதாப்ல ஒரு மஸ்அலா இருக்கு: ஒரே தடவையில கறந்த பாலை அஞ்சு தடவையா ஊத்தினாலும் அது ஒரு தடவைன்னுதான் கணக்கு. இதை வார்டுல வச்சுப் பாருங்க. நம்ம ஊர் வங்கிகள்ல நாலஞ்சு தாய் பாலைக் கலந்து 62.5 டிகிரியில 30 நிமிஷம் சூடுபடுத்தி உறைய வச்சிருப்பாங்க. ஒரு தாய் ஒரே ஒரு தடவை பம்ப் பண்ணிக் குடுத்த பால் நம்ம குழந்தைக்கு ரெண்டு நாள் போனாலும் ஷாஃபி கணக்குல ஒண்ணுதான், அதே தாய் தினமும் குடுத்துட்டு இருந்தா கதை வேற. கலந்த பாலுக்கும் பழைய ஆளுங்க பேசியிருக்காங்க, ஹனஃபியில அபூ யூசுஃப் எது அதிகமோ அந்தப் பெண்ணோட உறவுன்னாரு, இமாம் முஹம்மது ரெண்டு பேரோடயும்னாரு. பால் கலக்குற பிரச்சினை ஃப்ரிட்ஜ் வந்ததுக்கப்புறம் வந்ததில்ல.

அதே மாதிரி “யாருன்னே தெரியலயே, இனி அவன் யாரையும் கட்ட முடியாதா”ங்கிற கேள்விக்கும் ஷாஃபி கிதாப்ல பதில் இருக்கு. மஹ்ரம் பெண் ஒருத்தி பெரிய ஊர் ஜனத்துல கலந்துட்டா அந்த ஊர்ல கட்டலாம், கொஞ்சப் பேர்ல கலந்திருந்தா கட்டக்கூடாது. சென்னை மாதிரி ஊர்ல அடையாளம் தெரியாத தாய்னா முதல் வகை. இருபது வீடு உள்ள தெருவுல, தானம் குடுத்தது அதே ஜமாஅத்துப் பொண்ணுன்னா ரெண்டாவது வகை. புகாரியில உக்பா இப்னு ஹாரிஸ் சம்பவம் வேற இருக்கு, ஒரு பெண் வந்து உங்க ரெண்டு பேருக்கும் நான் பால் குடுத்தேன்னு சொன்ன ஒரே சொல்லுக்காக அவர் மனைவியைப் பிரிஞ்சாரு. அதனால “சந்தேகம்தானே”ன்னு ரொம்ப அசால்ட்டாவும் விட முடியாது.

எங்க வீட்டு விஷயம் எப்படிப் போச்சுன்னா, ஊர்ல ஒரு ஹஜ்ரத்துக்கு போன் போட்டோம். அவர் ஹலால் ஹராம்னு ஆரம்பிக்கவே இல்ல. எடை எவ்ளோ, தாய்க்கு எப்ப பால் வரும்னு டாக்டர் சொல்றாரு, சொந்தத்துல பால் குடுக்குற பொண்ணு யாராவது இருக்காங்களா, கலக்காத பாட்டில் கிடைக்குமா, தானம் குடுத்தவங்க விவரம் ஆஸ்பத்திரி பதிவுல இருக்கா, இதைத்தான் வரிசையா கேட்டாரு. கலக்காத பாட்டில் இல்லன்னாங்க, விவரம் வெளிய தரமாட்டோம் ஆனா பேட்ச் நம்பர் எழுதித் தர்றோம்னாங்க. குடுங்க, தாய்க்குப் பால் வந்த அன்னைக்கே நிறுத்திடுங்க, நம்பரையும் தேதியையும் பர்த் சர்ட்டிஃபிகேட்டோட பத்திரமா வைங்கன்னாரு. ஆறாவது நாள் தாய்க்குப் பால் வந்துருச்சு. அந்தச் சீட்டு இப்ப பீரோல இருக்கு.